பத்து மிட்டாய்க்கு ரெண்டு

என் மகளுக்கு எட்டு வயது. அவள் பெயரில் வங்கியில் போட்ட 1,000 ரூபாய் ஒரு வருஷத்தில் 1,070 ஆகும் என்று சொன்னேன். "நாம குடுத்தது ஆயிரம்தானே, அவங்க ஏன் கூடத் தரணும்?" என்று கேட்கிறாள். விலைவாசி ஏறும் என்று விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. தாத்தா, மிட்டாய் என்று அவளுக்குப் பிடிபடுகிற மாதிரி ஒரு சின்னக் கதை சொல்ல முடியுமா?

---

முதலில் விலைவாசியை விட்டுவிடுங்கள். அது எடுபடாமல் போனதற்கு உங்கள் மகள் காரணமில்லை, அந்த விளக்கமே பாதிதான். விலை ஒரு பைசாகூட ஏறாத ஊர் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அங்கேயும், "இன்றைக்கு ஆயிரம் கொடு, அடுத்த வருஷம் அதே ஆயிரத்தைத் தருகிறேன்" என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால் யாரும் லேசில் மடியை அவிழ்க்க மாட்டார்கள். அதற்குக் காரணம் வேறு.

மிட்டாய் நல்ல பொருள் என்று நான் சொல்வதும் இதனால்தான். மிட்டாயைக் கொடுத்து மிட்டாயையே திருப்பி வாங்கும்போது விலை என்ற பேச்சே நடுவில் வராது. கடையில் விலை இரண்டு மடங்கானாலும் பத்து மிட்டாய் பத்து மிட்டாய்தான். அப்படி இருந்தும் பிள்ளை "கூட வேணும்" என்று கேட்டால், அந்தக் கூடுதல் எதற்கு என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவன். வட்டி என்றால் என்ன என்று பெரியவர்களுக்கு விளக்கியே களைத்துப் போனவன். பேரப்பிள்ளைகள் வந்த பிறகு, அவர்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த கதை இது. கோவில்பட்டிப் பக்கம் நடப்பதாக வைத்திருக்கிறேன். அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. கடலை மிட்டாயை எண்ணலாம், ஒரு வாரம் வைத்தாலும் கெடாது, தேவைப்பட்டால் துண்டாக உடைக்கலாம். கதையில் இந்த மூன்றும் வேண்டும்.

செல்வி மூன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாமா வந்து பத்து கடலை மிட்டாய் கொண்ட பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சதுரமாக வெட்டி, வெல்லப்பாகு கண்ணாடி மாதிரி மின்னும் மிட்டாய். செல்வி திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாயி, இந்தப் பத்தையும் எங்கிட்ட குடு. நாளைக்கு என் கூட்டாளிக நாலு பேரு வாராங்க. கடை வரைக்கும் நடக்க முழங்கால் விட மாட்டேங்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை எண்ணிப் பத்தைத் திருப்பித் தாரேன்."

"பத்தும் தருவீங்களா?"

"ஒண்ணு குறையாது."

செல்வி யோசித்துப் பார்த்தாள். பத்து போகிறது, பத்து வருகிறது. நஷ்டம் ஒன்றும் இல்லை என்று கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை இன்டர்வெல்லில் பக்கத்துப் பெண் டப்பாவைத் திறந்து முறுக்கு தின்றாள். செல்வி தன் பையில் கையை விட்டாள், பென்சில் சீவிய தூள்தான் இருந்தது. புதன்கிழமை வகுப்பில் ஒரு பையன் மயிலிறகு கொண்டுவந்தான், நல்ல பெரிய கண் வைத்தது. "ரெண்டு மிட்டாய் குடு, இறகைத் தாரேன்" என்றான். வீட்டில் பத்து இருந்திருந்தால் மறுநாள் கொண்டுபோய் மாற்றியிருக்கலாம். இல்லை. வேறு ஒருத்தி மூன்று எலந்தவடை கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தாத்தா மருந்து குடிக்க மறந்துவிட்டார் என்று பாட்டி சத்தம் போட்டாள். அதைக் கேட்டதும் செல்விக்குத் திக்கென்றது. மருந்தையே மறக்கிறவர் மிட்டாயை மறக்க மாட்டாரா? தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தேடி, அதன் மேல் "தாத்தா 10" என்று எழுதி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா பொட்டலத்தை நீட்டினார். செல்வி எண்ணினாள். பத்து. இருந்தும் முகம் மலரவில்லை.

"என்ன தாயி, குறையுதா?"

"குறையல. ஆனா..."

"ஆனா?"

"ஒரு வாரமா எனக்குத் திங்க ஒண்ணுமே இல்ல. மயிலிறகு போச்சு. அப்புறம் நீங்க மறந்துட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. பத்து குடுத்து பத்து வாங்கினேன்னு சொன்னா, இது எல்லாம் எங்க போச்சு?"

தாத்தா சிரிக்கவில்லை. காலண்டரில் அவள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சரி. எனக்கு இந்த வாரமும் பத்து வேணும். இந்தத் தடவை நீயே சொல்லு. எத்தனை திருப்பித் தந்தா குடுப்ப?"

"இருபது!"

"இருபதா? அப்ப எனக்கு வேண்டாம் தாயி. வலிச்சாலும் பரவாயில்ல, மெல்ல நடந்து கடைக்கே போயிக்கிடுதேன்."

செல்வி பொட்டலத்தைப் பார்த்தாள். இருபதும் போச்சு, பேரமும் போச்சு. "பதினொண்ணு?" என்று அவளே இறங்கினாள். உடனே, "இல்ல, பதினொண்ணு வேண்டாம். ஒரு மிட்டாய்க்காக ஒரு வாரம் சும்மா இருக்க முடியாது" என்று ஏறினாள்.

"பன்னெண்டு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பத்துக்கு ரெண்டு கூட. ரெண்டு மிட்டாய் இருந்தால் ஒரு மயிலிறகு வாங்கலாம். தாத்தாவுக்கும், கடைக்கு நடக்கிற வலியை ரெண்டு மிட்டாய் கொடுத்துத் தவிர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

"பன்னெண்டு" என்றாள் செல்வி. காலண்டரில் "தாத்தா 12" என்று எழுதினாள். அடுத்த ஞாயிறு பன்னிரண்டும் வந்தது. இந்த முறை எண்ணும்போது முகம் சுளிக்கவில்லை.

கதையின் முதல் பாதி இத்தோடு முடிகிறது, பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைக்கு உண்மையில் கண் திறப்பது இதற்கடுத்த பாதியில்தான்.

பன்னிரண்டையும் கையில் வைத்திருந்த செல்வியிடம் தாத்தா கணக்கைத் திருப்பிப் போட்டார்.

"தாயி, அடுத்த ஞாயித்துக்கிழமை நான் உனக்குப் பத்து மிட்டாய் தரணும்னு வச்சுக்கோ. அதுக்குப் பதிலா இன்னைக்கே குடுத்துருதேன். இன்னைக்கு எத்தனை குடுத்தா அந்தப் பத்துக்குச் சமம்?"

"எட்டு" என்றாள் செல்வி டக்கென்று. பத்துக்கு ரெண்டு கூட்டினோம், இப்போது ரெண்டைக் கழிக்க வேண்டியதுதானே?

தாத்தா ஒன்றும் சொல்லாமல் எட்டு மிட்டாயைத் திண்ணையில் வரிசையாக வைத்தார். "நம்ம பேச்சு என்ன? பத்துக்கு ரெண்டு. அப்ப அஞ்சுக்கு?"

"ஒண்ணு."

"இந்த எட்டை எங்கிட்டயே திருப்பிக் குடுத்து வச்சின்னா அடுத்த வாரம் எத்தனையாகும்? பாரு."

செல்வி ஐந்தைத் தனியே ஒதுக்கினாள். அதற்கு ஒன்று கூட. மீதி மூன்று. மூன்றுக்கு ஒன்று வராது, ஒரு மிட்டாயை ஐந்தாக உடைத்து அதில் மூன்று துண்டுதான் வரும். எட்டும் ஒன்றும் ஒன்பது, அப்புறம் மூன்று சின்னத் துண்டு. பத்து ஆகவில்லை.

"ரெண்டு துண்டு குறையுது!"

"எட்டுக்கு ஒத்துக்கிட்டா நீ ஏமாந்த. அப்ப எட்டுக்கு மேல கொஞ்சம் வேணும். எவ்வளவு?"

தாத்தா ஒன்பதாவது மிட்டாயை எடுத்தார். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தி, முடிந்தவரை சமமாக மூன்றாக உடைத்தார். வெல்லத்தூள் வேட்டியில் உதிர்ந்தது. ஒரு துண்டை மட்டும் எட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எட்டும் மூன்றில் ஒரு பங்கும்.

"இது சரியான்னு எப்படிப் பாக்கிறது? துண்டு வச்சு கணக்குப் போட்டா குழம்பும். இதே மாதிரி மூணு பேரு கையில இருக்குன்னு வச்சுக்கோ. மூவெட்டு?"

"இருபத்தி நாலு."

"மூணு துண்டும் சேர்ந்தா ஒரு முழு மிட்டாய். ஆக 25. இருபத்தஞ்சுக்குக் கூட எத்தனை?"

"அஞ்சுக்கு ஒண்ணு... அஞ்சு. முப்பது!"

"முப்பதை மூணு பேரும் பிரிச்சா?"

"பத்து, பத்து, பத்து" என்று கத்தினாள் செல்வி.

உடைந்த மற்ற இரண்டு துண்டில் ஒன்றைத் தாத்தா வாயில் போட்டுக்கொண்டார், மற்றதை அவளிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பாட்டி சீட்டு முடிந்து வந்தாள். தெருவில் பத்து பெண்கள் சேர்ந்து போடும் ஏலச்சீட்டு. மாசம் ஆளுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 10,000. ரெண்டாம் மாசமே கூரைக்கு ஓடு மாற்றப் பணம் தேவைப்பட்டதால், பாட்டி 1,500 தள்ளி 8,500க்குச் சீட்டு எடுத்திருந்தாள்.

"பத்தாயிரம் சீட்டை எட்டாயிரத்து ஐநூறுக்கா எடுத்த?" என்று பக்கத்து வீட்டு அத்தை அங்கலாய்த்தாள். "கடைசி மாசம் எடுத்தா முழுசா கிடைக்குமே."

"கடைசி மாசம் வரைக்கும் ஓடு ஒழுகாம இருக்குமா?" என்றாள் பாட்டி.

செல்வி திண்ணையில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப அந்த ஆயிரத்து ஐநூறு யாருக்குப் போச்சு பாட்டி?"

"பத்து பேருக்கும் ஆளுக்கு நூத்தம்பது."

"அவங்கதான் காத்திருக்காங்க" என்றாள் செல்வி, தாத்தாவைப் பார்த்து. "அவங்களுக்கு மயிலிறகுக் காசு."

கதை இவ்வளவுதான். இனி, இதை வீட்டில் சொல்லும்போதோ நிஜ மிட்டாயை வைத்துச் செய்து பார்க்கும்போதோ எங்கே சறுக்கும் என்பதைச் சொல்கிறேன்.

செல்வி சொல்லும் மூன்று குறையையும் தாத்தா வாயில் போட்டுவிடாதீர்கள். காத்திருந்ததில் தின்ன முடியவில்லை, கையில் இருந்திருந்தால் வேறு ஒன்று கிடைத்திருக்கும், திரும்பி வருமா என்ற பயம் என்று வட்டிக்கு உள்ள காரணங்கள் மூன்றும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் மகளிடம் முதல் வாரம் பத்துக்குப் பத்து என்றே செய்துவிட்டு, திருப்பித் தரும்போது சும்மா இருங்கள். குறைபட்டுக்கொண்டால் பாடம் தானாக நடக்கிறது. குறைபடாமல் வாங்கிக்கொண்டு போனால், அந்த வாரம் அவளுக்கு மிட்டாய் தேவைப்படவே இல்லை என்று அர்த்தம். வேறொரு வாரம் பாருங்கள், தின்பண்டம் குறைவாக இருக்கும் வாரமாக.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இன்னொன்று உண்டு. கூடுதலாகத் தரும் ரெண்டை, "நல்ல பிள்ளையாப் பொறுமையா இருந்ததுக்குப் பரிசு" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் கதை கெட்டுவிடும். பரிசு என்றால் கொடுக்கிறவர் மனசு வைத்துக் கொடுப்பது. வட்டி அப்படி இல்லை, அது நாளைப் பொறுத்தது. பிள்ளைக்கு எது புரிந்தது என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்: "ரெண்டு வாரம் கழிச்சுத் தந்தா எத்தனை?" மறுபடியும் பன்னிரண்டு என்று சொன்னால் பரிசு என்றுதான் புரிந்திருக்கிறது. பதினாலு என்று சொன்னால் பிடித்துக்கொண்டாள். சில பிள்ளைகள் யோசித்துவிட்டு, "பதினாலுக்கும் கொஞ்சம் கூட" என்பார்கள். முதல் வாரத்தில் சேர்ந்த ரெண்டும் அடுத்த வாரம் தாத்தாவிடம்தானே இருக்கிறது, அதற்கும் கூலி வேண்டாமா என்று. அந்தப் பிள்ளைக்கு வட்டி குட்டி போடுவதை நீங்கள் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் பயம். கதையில் தாத்தா சொன்ன நாளில் சொன்னபடி தருகிறார், அதை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு சோதனை 2013ல் வெளியானது. முதலில் பிள்ளைகளுக்கு நல்ல கிரேயான், ஸ்டிக்கர் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொடுத்தார்கள், மீதிப் பேரிடம் "தவறாகச் சொல்லிவிட்டோம், வேறு இல்லை" என்றார்கள். அதன் பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருகிறேன் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் சராசரியாக 3 நிமிடம்தான் காத்திருந்தார்கள். பொறுமை இல்லாத பிள்ளைகள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. வராத மிட்டாய்க்காகக் காத்திருப்பது முட்டாள்தனம் என்பதை அவர்கள் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். கடன் பிரிவில் நாங்கள் செய்ததும் இதேதான். திருப்பித் தருவாரா என்ற சந்தேகம் கூடக் கூட, கேட்கும் வட்டியும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எந்த வட்டிக்கும் கொடுக்க மாட்டோம். ஆகவே தாத்தா ஒரு வாரம் "மறந்துட்டேன் தாயி, நாளைக்குத் தாரேன்" என்று சொன்னால், அடுத்த வாரம் செல்வி பதினைந்து கேட்பாள். கேட்டால் கோபிக்காதீர்கள், அவள் கேட்பது நியாயம்.

எந்த மிட்டாய் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நான் முதல் தடவை என் பேரனிடம் இதைப் பால்கோவா வைத்துச் செய்து பார்த்தேன். பத்துத் துண்டு இருந்தது. அவன் உடனே, "தாத்தா, இது ஒரு வாரத்துல கெட்டுப் போயிரும். நீங்களே சாப்பிடுங்க. அடுத்த வாரம் புதுசா எட்டு வாங்கித் தாங்க, போதும்" என்றான். எனக்கு வாயடைத்துப் போயிற்று, ஏனென்றால் அவன் சொன்னது சரி. வைத்திருந்தால் அழுகும் பொருளைக் கொடுத்துவிட்டு, பின்னால் குறைவாக வாங்கிக்கொண்டாலும் லாபம்தான். இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1930ல் வட்டியைப் பற்றி எழுதியபோது இப்படியே மூன்று உதாரணம் சொன்னார். கெடாத, பெருகாத காய்ந்த பிஸ்கட் மட்டும் இருக்கும் தீவில் வட்டி பூஜ்யத்தில் நிற்கும். வைத்திருந்தால் பாதி அழுகும் அத்திப்பழம் மட்டும் இருக்கும் தீவில் திருப்பித் தருவது கொடுத்ததைவிடக் குறையும். ஆடு வளர்க்கும் தீவில் ஆடு குட்டி போடுகிற அளவுக்கு வட்டி இருக்கும். பணம் ஆட்டைப் போன்றது, ஏனென்றால் அதைக் கொண்டு யாராவது கடலையும் வெல்லமும் வாங்கி, பாகு காய்ச்சி, மிட்டாய் வெட்டி விற்று, போட்டதைவிட அதிகமாக எடுக்க முடியும். உங்கள் மகளின் 1,000 ரூபாயை வங்கி அப்படி ஒருவரிடம்தான் கொடுக்கிறது. கூடுதல் 70 ரூபாய் அங்கேயிருந்து வருகிறது என்று அவளிடம் சொல்லலாம். பால்கோவாவை மட்டும் தவிருங்கள்.

செல்வி சொன்ன "எட்டு" என்ற தப்பை நான் கதையில் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். பெரியவர்களும் அதே தப்பைச் செய்கிறார்கள், அதை வைத்தே பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கந்து வட்டிக்காரர், "பத்தாயிரம் கடன், வட்டி ரெண்டாயிரம்தான்" என்று சொல்லி, அந்த ரெண்டாயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்தைக் கையில் கொடுப்பார். கேட்கிறவர், "சரி, நூற்றுக்கு இருபது" என்று நினைத்துக்கொள்வார். அவர் கைக்கு வந்தது எட்டாயிரம். அதற்கு ரெண்டாயிரம் கூடுதல் என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து. நூற்றுக்கு இருபது என்ற பேச்சு நிஜமாக இருந்தால் கைக்கு 8,333 ரூபாய் வந்திருக்க வேண்டும், அதாவது எட்டும் மூன்றில் ஒரு துண்டும். திண்ணையில் ஒரு மிட்டாயை மூன்றாக உடைத்த பிள்ளை பின்னாளில் இந்தத் துண்டை விட்டுக்கொடுக்காது.

இதனோடு சேர்ந்து ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாரத்துக்குப் பத்துக்கு ரெண்டு என்பது எட்டு வயசுப் பிள்ளையின் பொறுமைக்கு ஏற்ற அளவு, பணத்துக்கு ஏற்ற அளவு இல்லை. ஒரு மிட்டாய்க்குக் குறைவாகக் கூட்டினால் பிள்ளைக்குக் கண்ணில் படாது, ஒரு வாரத்துக்கு மேல் நீட்டினால் மறந்துவிடும் என்பதால் இப்படி வைத்தேன். இதே விகிதத்தில் தின்னாமல் ஒரு வருஷம் சேர்த்துக்கொண்டே போனால் பத்து மிட்டாய் 1 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிவிடும். கோவில்பட்டியில் அத்தனை மிட்டாய்க்குத் தாத்தா எங்கே போவார்? பிள்ளைக்குக் கதை பிடிபட்ட பிறகு, "வங்கில ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தா நூறு மிட்டாய்க்கு ஏழு" என்று சொல்லி அளவைச் சரிசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மகள் உங்களிடமே மீட்டர் வட்டி கேட்பாள். தமிழ்நாட்டில் அதற்கு 2003லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது.

விலைவாசியை எப்போது சொல்வது என்று கேட்பீர்கள். மிட்டாய்க் கணக்கு முழுசாகப் பதிந்த பிறகு, சில மாசம் கழித்துச் சொல்லுங்கள். முன்பு பத்து மிட்டாய் வாங்கிய காசுக்கு இப்போது ஒன்பதுதான் வருகிறது என்று கடையில் வைத்தே காட்டலாம். மிட்டாயாகத் திருப்பித் தராமல் காசாகத் திருப்பித் தந்தால், கூடுதல் ரெண்டு போக இந்தக் குறைவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அப்போது அவளே சொல்லிவிடுவாள். இரண்டையும் ஒரே நாளில் சொன்னால், விலை ஏறுவதால்தான் வட்டி என்ற பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

உங்கள் மகளுக்கு எட்டு வயது என்பதால் துண்டு உடைப்பது வரை அவளுக்கு எட்டும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை என்றால் வாரத்தைச் சாயங்காலம் ஆக்கி, பத்தை ரெண்டாக்கி, செல்வி குறைபடும் இடத்தோடு நிறுத்திவிடலாம்.

மிட்டாய் எல்லாம் தீர்ந்த பிறகு, வங்கிப் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். "அடுத்த வருஷம் வரப்போற இந்த 1,070 ரூபாய்க்குப் பதிலா இன்னைக்கே காசு தாரேன். குறைஞ்சது எவ்வளவு குடுத்தா ஒத்துக்கிடுவ?" ஆயிரம் என்று சொன்னால், அவள் முதலில் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். "ஆயிரத்து இருபது" என்று சொல்லி உங்களைப் பார்த்துச் சிரித்தால், பேரம் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.